மஞ்சள் தீயும் கரி பிடித்த சட்டியும்

எங்கள் வாடகை வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு வேலைப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. காஜாங்கில் ஐந்து மாணவிகள் சேர்ந்து எடுத்த வீடு அது. ஐந்து பேருக்கும் ஐந்து வேலை, வாரத்துக்கு ஒருமுறை முறை மாறும். பாத்திரம் கழுவும் முறை எனக்கு வந்த வாரத்தில் என்னை வாட்டி எடுத்தது சட்டியின் அடிப்பாகம்தான். உள்ளே ஒட்டிய சோறு ஊறினால் வந்துவிடும். வெளியே படிந்த கரி அப்படியில்லை. சட்டியைத் தூக்கினால் கையில் கரி, சிங்கில் கரி, துடைக்கும் துணியிலும் கரி. இன்று தேய்த்து வெள்ளையாக்கி வைத்தால் நாளைக்கு மறுபடியும் கறுப்பு.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. தேய்ப்பதில் ஆள் மாறினோமே தவிர, இந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. கேஸ் தோங் மாற்ற வந்த அங்கிள்தான் கேட்டார். ரெகுலேட்டரை மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

“என்ன பிள்ள, தீ இப்படி மஞ்சளா நிக்குது? ஓட்டையெல்லாம் அடைஞ்சிருக்கு லா. மழைன்னு ஜன்னலச் சாத்திட்டு சமைக்காதீங்க, ஆமா.”

அன்று மாலைதான் நாங்கள் ஐந்து பேரும் முதன்முறையாகக் குனிந்து தீயைப் பார்த்தோம். வலப்பக்க அடுப்பில் பாதி வட்டத்தில் நீலத் தீ. மீதிப் பாதியில் சில இடங்களில் தீயே இல்லை, சில இடங்களில் மஞ்சள் நாக்குகள் சட்டியின் விளிம்பைத் தாண்டி எழும்பி ஆடின. நாங்கள் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். தேய்த்திருக்க வேண்டியது அடுப்பை.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்ததுதான்

இடைநிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் புன்சன் பர்னரைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளையை மூடினால் தீ மஞ்சளாக ஆடும், அதில் காட்டிய சோதனைக் குழாயில் கரி படியும். துளையைத் திறந்தால் தீ நீலமாகி, உஸ்ஸென்ற சத்தத்தோடு நேராக நிற்கும். நம் வீட்டு அடுப்பும் அதே கொள்கையில்தான் வேலை செய்கிறது, குழாய்க்குப் பதில் வட்ட மூடி என்பதுதான் வேறுபாடு.

அடுப்பின் திருகைத் திறந்ததும் எரிவாயு முதலில் ‘நாசில்’ என்னும் மிகச் சிறிய துளை வழியே பீய்ச்சி வெளியே வருகிறது. அந்த வேகத்தில் பக்கத்தில் இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு ஒரு குழாய்க்குள் நுழைகிறது. குழாய்க்குள் வாயுவும் காற்றும் கலக்கின்றன. கலவை பர்னருக்குள் பரவி, மூடியைச் சுற்றியுள்ள சிறு துளைகள் வழியே வெளியேறி எரிகிறது. எரிய இன்னும் தேவைப்படும் காற்றைத் தீ தன்னைச் சுற்றியிருந்து எடுத்துக்கொள்கிறது.

காற்று எவ்வளவு வேண்டும் என்பதை வேதியியல் பாடத்தில் படித்த சமன்பாட்டைக் கொண்டே கணக்கிடலாம். ஒரு பங்கு பியூட்டேன் முழுமையாக எரிய ஆறரைப் பங்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடுதான். ஆக, ஒரு பங்கு பியூட்டேனுக்கு ஏறக்குறைய 31 பங்கு காற்று. தோங்கில் கலந்திருக்கும் இன்னொரு வாயுவான புரொப்பேனுக்கு ஏறக்குறைய 24 பங்கு. அடுப்பு எரிப்பது வாயுவை என்று நினைக்கிறோம். அளவில் பார்த்தால் அதற்குள் ஓடுவது பெரும்பாலும் காற்றுதான்.

இனி, மூடியில் மூன்றில் ஒரு பங்குத் துளைகள் அடைபட்டால் என்ன ஆகும்? வாயு குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். குறையாது. எவ்வளவு வாயு வரும் என்பதைத் தீர்மானிப்பது நாசிலும் ரெகுலேட்டர் தரும் அழுத்தமும்தான். மூடியில் உள்ள அடைப்பு அந்த அழுத்தத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஆனால் வாயுவின் வேகத்தில் தொற்றிக்கொண்டு வரும் காற்றுக்கு அவ்வளவு வலு இல்லை. முன்னால் வழி அடைபட்டால் காற்றின் வரவு உடனே குறைந்துவிடும். அதே அளவு வாயு, குறைந்த காற்று, குறைந்த வாசல். மிச்சமிருக்கும் துளைகளில் வாயு திணறி நீண்ட மஞ்சள் தீயாக எழுகிறது. முழுதாக எரியாத கார்பன் துகள்கள்தான் அந்த மஞ்சள் ஒளியைத் தருகின்றன. சட்டியின் அடியில் ஒட்டும் கரியும் அவையே.

முழுதாக எரியாத வாயு கரியை மட்டும் தருவதில்லை, கார்பன் மோனாக்சைடையும் தரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. கேஸ் கசிந்தால் மூக்கில் ஏறும் நாற்றம், கசிவைக் கண்டுபிடிப்பதற்காகவே கலக்கப்படுவது. கார்பன் மோனாக்சைடுக்கு அப்படி எச்சரிக்கை எதுவும் இல்லை. ஜன்னல் சாத்திய சிறிய சமையலறையில், மஞ்சளாக எரியும் அடுப்பில் ஒரு மணி நேரம் கறி கொதிக்கவிடுவது எவ்வளவு பெரிய தவறு என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கிள் ஜன்னலைச் சொன்னது சும்மா இல்லை.

தீயைப் பார்த்துக் கோளாறைச் சொல்லலாம்

எல்லா மஞ்சளும் அடைப்பு அல்ல. அதனால் கழற்றுவதற்கு முன் இருட்டான நேரத்தில் தீயை ஒரு நிமிடம் பார்ப்பது நல்லது.

வட்டத்தில் சில இடங்களில் மட்டும் தீ இல்லை, அல்லது சில இடங்களில் மட்டும் மஞ்சளாக உயர்கிறது என்றால் மூடியின் துளைகளில் அடைப்பு இருக்கிறது. நாமே சரிசெய்யலாம்.

வட்டம் முழுக்க நீலமாகத்தான் இருக்கிறது, ஆனால் திருகை முழுதாகத் திறந்தும் தீ குட்டையாகவே நிற்கிறது என்றால் மூடியில் பிரச்சினை இல்லை. வாயுவின் அளவே குறைந்திருக்கிறது. ஒன்று தோங் தீரும் நேரம், இல்லாவிட்டால் நாசிலில் அடைப்பு.

வட்டம் முழுக்க ஒரே சீராக மஞ்சள் என்றால் காற்று உள்ளே வரும் வழியில் சந்தேகப்பட வேண்டும். நாசிலுக்கு அருகே காற்று நுழையும் இடத்தில் தூசியும் எண்ணெயும் படிந்திருக்கலாம். குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியிருக்கலாம்.

இன்னொரு மஞ்சள் இருக்கிறது. உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி வழிந்ததும் தீ பளிச்சென்ற ஆரஞ்சு மஞ்சளாக மாறும். அது கரி இல்லை, சோடியம். தீச்சுடர் சோதனையில் சோடியம் உப்பு காட்டும் அதே நிறம். சில நிமிடத்தில் மறைந்துவிடும், சட்டியில் கரியும் பிடிக்காது. சந்தேகம் இருந்தால் சுத்தமான எவர்சில்வர் சட்டியில் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியில் விரலால் தடவினால் கரி வருகிறதா? வந்தால் அது கோளாறான மஞ்சள்தான்.

எங்கள் அடுப்பில் முதல் வகை தெளிவாகத் தெரிந்தது. அடைத்தது எது என்பதும் தெரிந்த கதைதான். கெட்டிப்பால் ஊற்றிக் காய்ச்சும் டீ வாரத்தில் இரண்டு முறையாவது பொங்கி வழியும். சோற்றுக் கஞ்சியும் கிச்சாப் கலந்த குழம்பும் அப்படியே. சீனியும் மாவுச்சத்தும் சூடான மூடியில் விழுந்ததும் பாகாகி, பிறகு கரியாகித் துளைக்குள் இறுகிவிடும். பொங்கிய அன்றே, அடுப்பு ஆறியதும் ஈரத்துணியால் துடைத்தால் அது வெறும் பிசுபிசுப்பு. நான்கு முறை சமைத்த பிறகு அது கல்.

கழற்றும் முன்

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினோம். முதலில் தோங்கின் ரெகுலேட்டரை மூடினோம். அடுப்பு நன்றாக ஆறியிருந்தது. பர்னர் வெளியே பார்ப்பதைவிட நீண்ட நேரம் உள்ளே சூட்டை வைத்திருக்கும், சமைத்து அரை மணி நேரமாவது விடவேண்டும். சட்டி தாங்கியை எடுத்தோம், மூடியைத் தூக்கினோம். பெரும்பாலான மேசை அடுப்புகளில் மூடி திருகப்பட்டிருக்காது, வெறுமனே உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்பதைக் கழற்றும் முன்பே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைப் பழையபடி வைக்கும்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

மூடியைக் கழற்றியதும் பர்னரின் வாய் திறந்து கிடக்கும். அதற்குள் எதுவும் விழாதபடி ஒரு துணியால் மூடி வையுங்கள். மூடியை அதன் இடத்திலேயே வைத்துக்கொண்டு ஊசியால் குத்தக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். குத்திய கரி நேராகக் குழாய்க்குள் விழும். துளை திறக்கும், குழாய் அடைபடும்.

மூடியைத் தலைகீழாகப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உயர்த்திப் பார்த்தோம். திறந்த துளைகளில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மொத்தம் 52 துளைகள். வெளிச்சம் வந்தவை 33. பத்தொன்பது துளைகள் முழுதாக அடைந்திருந்தன, அவற்றில் பெரும்பாலானவை ஒரே பக்கத்தில். சட்டியின் கைப்பிடியும் மூக்கும் எப்போதும் அந்தப் பக்கம்தான், டீ வழிவதும் அங்கேதான்.

பித்தளையா, அலுமினியமா?

இங்கேதான் நாங்கள் ஒரு தவறு செய்தோம். காணொளி ஒன்றில் பார்த்ததை நம்பி, என் அறைத் தோழி இரண்டு அடுப்பு மூடிகளையும் ஒரே வாளியில் போட்டு, ஆப்பசோடாவைக் கொட்டி, மேலே வினிகர் ஊற்றினாள். நுரை பொங்கியது. கைதட்டினோம். நுரை அடங்கிய பிறகு எடுத்துப் பார்த்தால் கரி அப்படியே இருந்தது.

பிறகு யோசித்தபோது சிரிப்பு வந்தது. அமிலமும் காரமும் சேர்ந்தால் நடுநிலையாகும் என்று எத்தனை முறை எழுதித் தேர்ச்சி பெற்றிருக்கிறோம்! அந்த நுரை கார்பன் டை ஆக்சைடு. மிஞ்சியது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். சுத்தம் செய்யக்கூடிய இரண்டு பொருள்களை ஒன்றோடொன்று சண்டையிடவிட்டு, இரண்டையும் வீணாக்கியிருந்தோம். இரண்டும் பயன்படும், ஆனால் தனித்தனியாக, வேறு வேறு வேலைக்கு.

அந்தக் குளறுபடியோடு நின்றிருக்கலாம். இடப்பக்க மூடியைச் சுடுதண்ணீரில் ஆப்பசோடா கரைத்து மறுபடி ஊறப்போட்டோம். ஒரு மணி நேரத்தில் எடுத்தபோது சாம்பல் நிறமாக இருந்த மூடி மங்கிக் கறுத்திருந்தது. அது அலுமினியம். சூடான காரக் கரைசல் அலுமினியத்தின் மேற்பரப்பைத் தாக்கி நிறத்தை மாற்றிவிடும். சலவை சோடாவும், அவன் அடுப்பு சுத்தம் செய்யும் கடுமையான காரத் திரவங்களும் இன்னும் மோசம், உலோகத்தையே அரித்துவிடும். நல்லவேளை, எங்கள் மூடியில் நிறம்தான் போனது, துளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் ஊறவைப்பதற்கு முன் உலோகம் எது என்று பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வைத்தால் போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டவில்லையென்றால் அடிப்பக்கத்தில் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். பொன்னிறம் தெரிந்தால் பித்தளை, கையில் கனமாகவும் இருக்கும். வெள்ளி நிறமும் லேசான எடையும் என்றால் அலுமினியம்.

அலுமினிய மூடிக்குச் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் மட்டும் போதும். அரை மணி நேரம் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். ஒருமுறையில் போகாவிட்டால் இன்னொரு முறை. இரும்பு மூடிக்கும் அதேதான், ஆனால் ஊறவிடும் நேரம் குறைவாக இருக்கட்டும். கழுவியதும் உடனே துடைத்துக் காயவைக்காவிட்டால் துரு பிடிக்கும்.

அம்மா சொன்ன புளி

பித்தளை மூடிக்கு வழி சொன்னது அம்மா. போனில் நடந்ததைச் சொன்னதும் மறுமுனையில் சிரிப்பு.

“ஏன்டி, வீட்ல குத்துவிளக்க எதப் போட்டுத் தேய்ப்போம்? தீபாவளிக்கு வருசா வருசம் நீதானே தேய்ப்ப?”

புளி! பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. சூட்டில் செம்பு காற்றோடு சேர்ந்து கறுப்பும் பழுப்புமான ஆக்சைடாக மாறுகிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அந்த ஆக்சைடைக் கரைக்கும். விளக்கைப் பளபளக்க வைப்பது அதுதான். ஆனால் அடுப்பு மூடியில் ஆக்சைடுக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கும் எரிந்த சீனியும் இருக்கின்றன. எண்ணெய் இருக்கும்வரை புளித் தண்ணீர் உலோகத்தைத் தொடாது. அதனால் வரிசை முக்கியம்: முதலில் எண்ணெய், பிறகு கரி, கடைசியில் ஆக்சைடு.

நாங்கள் செய்தது இதுதான். சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து மூடியை 20 நிமிடம் ஊறவைத்தோம். பல்துலக்கியால் தேய்த்ததும் தண்ணீர் பழுப்பாக மாறியது. அலசிவிட்டு, மூன்று தேக்கரண்டி ஆப்பசோடாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்து, கரி இறுகிய பக்கத்தில் அப்பி 15 நிமிடம் விட்டோம். ஆப்பசோடா மிச்சமிருந்த எண்ணெயை இளக்கியது. அதன் நுண்ணிய துகள்கள் உலோகத்தைக் கீறாமல் கரியை உராய்த்து எடுத்தன. மறுபடியும் நன்றாக அலசினோம்.

பிறகு புளி. எலுமிச்சை அளவு புளியை ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து மூடியை மூழ்கவிட்டு, 15 நிமிடத்தில் எடுத்து அந்தச் சக்கையாலேயே தேய்த்தோம். பொன்னிறம் வந்தது. இரவெல்லாம் ஊறட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அமிலத்தில் நீண்ட நேரம் கிடந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறி, செம்பு நிறத் திட்டுகள் தோன்றும், அந்த இடம் பலவீனமாகும். தேய்த்த பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும்.

இரும்பு நாரைப் பயன்படுத்தவில்லை. அது மென்மையான பித்தளையில் கீறல் போடும். அதன் உடைந்த இழைகள் துளைகளுக்குள் சிக்கிக்கொள்ளும். இன்னொன்று: கரி போகவில்லை என்ற எரிச்சலில் துணி வெளுக்கும் திரவத்தை வினிகரோடு கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு வெளியாகும்.

இவ்வளவு தேய்த்தும் சில கறுப்புத் திட்டுகள் போகவில்லை. கருகி இறுகிய கார்பன் சமையலறையில் இருக்கும் அமிலத்திலும் காரத்திலும் கரையாது. மூடியின் மேல்தளத்தில் அது இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், சமையலுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. மூடி மறுபடியும் சூட்டில் பழுப்பாகத்தான் போகிறது. சுத்தமாக இருக்கவேண்டியவை இரண்டே இடங்கள்: துளைகள், பர்னரின் மேல் உட்காரும் விளிம்பு.

துளையைத் திறக்கலாம், பெரிதாக்கக் கூடாது

ஊறிய பிறகு எண்ணினால் 19 அடைப்பில் 8 தானாகத் திறந்திருந்தன. மீதி 11 துளைகளுக்குத்தான் கையால் வேலை. முதலில் பல்குச்சியால் முயன்றோம். ஈரத்தில் உப்பிய குச்சியின் நுனி முறிந்து துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்கவே பத்து நிமிடம். இறுதியாண்டு அக்கா தையல் ஊசியை எடுத்து வந்து திருகத் தொடங்கினார். நல்லவேளையாக இரண்டாவது துளையிலேயே நிறுத்தினோம்.

ஊசியில் என்ன தவறு? எஃகு, பித்தளையையும் அலுமினியத்தையும்விடக் கடினமானது. திருகினால் கரியோடு உலோகமும் சீவப்படும், துளை பெரிதாகும். துளை பெரிதானால் கலவை வெளியேறும் வேகம் குறையும். தீக்கும் ஒரு வேகம் உண்டு, அது எப்போதும் கலவையை நோக்கிப் பின்னால் எரிய முயல்கிறது. கலவை வெளியே வரும் வேகம் தீயின் வேகத்தைவிடக் குறைந்தால் தீ துளை வழியாக உள்ளே புகுந்துவிடும். தீயைக் குறைக்கும்போதோ அணைக்கும்போதோ ‘டப்’ என்று வெடிக்கும் சத்தம் அதன் அடையாளம். தேய்ந்து பெரிதான துளையைச் சிறிதாக்க வழியில்லை, மூடியைத்தான் மாற்றவேண்டும்.

எங்களுக்குக் கைகொடுத்தது பழுதான சார்ஜர் வயர். அதன் உள்ளே தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பிகள் இருக்கும். செம்பு பித்தளையைவிட மென்மையானது, அது வளையுமே தவிரத் துளையைச் சீவாது. ஒரு கம்பி வலுவில்லாமல் வளைந்தால் மூன்று நான்கை முறுக்கிக்கொள்ளலாம். துளைக்குள் தளர்வாக நுழையும் அளவு இருக்கவேண்டும். இறுக்கமாக நுழைந்தால் அது தடிமன். முன்னும் பின்னும் நேராக இழுக்கவேண்டும், திருகக் கூடாது. இறுகிய கரி அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாமல், ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு இன்னும் பத்து நிமிடம் காத்திருங்கள். அலுமினிய மூடிக்குச் செம்பும் கடினம்தான், அங்கே கை இன்னும் இலகுவாக இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் மூடியைக் கவிழ்த்துத் தட்டி, உள்பக்கம் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினோம். வெளிச்சத்தில் எண்ணினால் 52-இல் 50. இரண்டு துளைகள் பிடிவாதமாக நின்றன. அவை அடுத்தடுத்து இல்லாததால் விட்டுவிட்டோம். பக்கத்துத் துளைகளின் தீ அந்த இடைவெளியைத் தாண்டிப் பிடித்துக்கொள்ளும்.

நாசிலில் மட்டும் நாங்கள் கை வைக்கவில்லை. அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது கொஞ்சம் பெரிதானாலும் வரும் வாயுவின் அளவே மாறிவிடும், எந்தச் சுத்தமும் பிறகு தீயை நீலமாக்காது. அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவது நல்லது. சிலர் வீட்டில் சிவந்து எரியும் பீங்கான் தட்டு வைத்த அடுப்பு இருக்கும். அந்தத் தட்டை ஊறவைக்கவும் கூடாது, குத்தவும் கூடாது. இந்தக் கட்டுரையில் சொன்னது எதுவும் அதற்குப் பொருந்தாது.

காயட்டும், பொறுமை

துளைக்குள் நிற்கும் தண்ணீர்த் துளியும் ஓர் அடைப்புதான். ஈரத்தோடு மாட்டினால் தீ சில இடங்களில் பிடிக்காது, சடசடவென்று சத்தமிடும். கழுவியது சரியில்லையோ என்று மறுபடி கழற்றுவோம். துணியில் கவிழ்த்து வெயிலில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். பர்னரின் பக்கத்தில் பொறி விடும் சிறிய வெள்ளைப் பீங்கான் முனையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள், வளைக்காமல்.

மூடியைத் திரும்ப வைக்கும்போது எடுத்த படத்தைப் பாருங்கள். அடியில் உள்ள பள்ளம் பர்னரின் மேட்டில் உட்காரவேண்டும். விரலால் தொட்டால் ஆடக்கூடாது. ஆடினால் அந்த இடுக்கு வழியே வாயு கசிந்து, துளைகள் சுத்தமாக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் தீ வரும்.

பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துப் பற்றவையுங்கள். மூன்று நான்கு விநாடிக்குள் பிடிக்காவிட்டால் திருகை மூடிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையில் தேங்கும். நாற்றம் பலமாக இருந்தால் மின்விளக்கு, விசிறி எதையும் போடாமலும் அணைக்காமலும் தோங்கை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

ஒன்றே முக்கால் நிமிடம்

அறிவியல் மாணவி ஒருத்தி வீட்டில் இருந்தால் அளக்காமல் விடமாட்டாள். கழற்றுவதற்கு முன்பே, கரியைத் தேய்த்தெடுத்த சட்டியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, திருகை முழுதாகத் திறந்து, கொதிக்கும் நேரத்தைக் குறித்திருந்தோம். 9 நிமிடம் 10 விநாடி. மாட்டிய பிறகு அதே சட்டி, அதே அளவு தண்ணீர், அதே அடுப்பு. 7 நிமிடம் 25 விநாடி. ஒன்றே முக்கால் நிமிடம் குறைந்திருந்தது.

மூடி அடைபட்டாலும் நிமிடத்துக்கு வரும் வாயு குறையாது என்று மேலே சொன்னேன். அப்படியென்றால் அந்த ஒன்றே முக்கால் நிமிடமும் வீணாய்ப் போன வாயுதான். பாதி எரிந்து கரியானதும், சட்டியின் விளிம்பைத் தாண்டிப் போய்ச் சுவரைச் சூடாக்கியதும் அதுவே. உதவித்தொகை விலையில் கிலோ 1 ரிங்கிட் 90 சென் என்ற கணக்கில் 14 கிலோ தோங் 26 ரிங்கிட் 60 சென். ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று வைத்தால் ஒவ்வொரு தோங்கிலும் ஐந்து ரிங்கிட்டுக்கு மேல் சட்டியின் அடியில் கரியாக ஒட்டியிருந்தது. அதைத்தான் நாங்கள் முறை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

சுத்தம் செய்த பிறகும் தீ வட்டம் முழுக்க மஞ்சளாக இருந்தாலோ, ‘டப்’ சத்தம் தொடர்ந்தாலோ, மூடி வெடித்தோ வளைந்தோ இருந்தாலோ மேலும் தேய்ப்பதில் பயனில்லை. மூடி தனியாகவே கிடைக்கும். பழைய மூடியைக் கையோடு எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்குங்கள். காற்றுக் குழாயும் நாசிலும் பழகியவர் பார்க்கவேண்டியவை. வாடகை வீடென்றால் அதை வீட்டு உரிமையாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள், அடுப்பு அவருடையது, மூச்சு உங்களுடையது.

அடுத்த தோங் மாற்ற அங்கிள் வந்தபோது, கேட்காமலேயே அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினோம். குனிந்து பார்த்தார். நீலத் தீ வட்டமாக, சட்டிக்கு அடியில் அடக்கமாக நின்றது.

“ம்… இப்ப சரி,” என்றார். போகிறபோது திரும்பி, “ஜன்னல?” என்றார்.

திறந்துதான் இருந்தது. வேலைப் பட்டியலில் இப்போது ஆறாவதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: ‘பொங்கினால், பொங்கவிட்டவர் அன்றே துடைக்கவேண்டும்.’ பாத்திரம் கழுவும் முறை போன வாரம் மறுபடி எனக்கு வந்தது. சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது.